முன்பின் தெரியாத மூத்தவரிடம் இருபது நிமிடம் கேட்பது எப்படி?

மூன்று மாதங்களில் பதினான்கு பேருக்கு லிங்க்டுஇன்னில் செய்தி அனுப்பினேன். எல்லோரும் வேறு கம்பெனிகளில் என்னைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டு மூத்தவர்கள். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஒரு பதிலும் வரவில்லை. பிறகு செய்தியையும் ஆள் தேடும் முறையையும் மாற்றி இன்னும் ஒன்பது பேருக்கு அனுப்பினேன். நான்கு பேர் பதில் எழுதினார்கள், அவர்களில் இருவர் போனில் பேசினார்கள். அந்தப் பதினான்குக்கும் இந்த ஒன்பதுக்கும் இடையில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு பவுண்டரியில் ஆறு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பிரேக் டிரம், ஹப் வார்ப்புகள் என் பொறுப்பு. வாகன கம்பெனிகளில் சப்ளையர் குவாலிட்டி என்று ஒரு பிரிவு உண்டு. உதிரிபாகம் செய்துகொடுக்கும் எங்களைப் போன்ற ஆலைகளுக்கு வந்து, செய்முறை சரியாக நடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது அவர்கள் வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் துறை வேறாக இருந்தால் பிரேக் டிரம் இருக்கும் இடத்தில் உங்கள் பொருளைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

1. ஆளைத் தேடும் முன் கேள்வியை எழுதுங்கள்

நான் செய்த முதல் தவறு, ஆட்களைத் தேடிப் பட்டியல் போட்டுவிட்டு அதற்குப் பிறகு என்ன கேட்கலாம் என்று யோசித்தது. அப்படி யோசித்தால் "எனக்கு வழிகாட்டுங்கள்" என்பதைத் தவிர எதுவும் தோன்றாது. வழிகாட்டச் சொன்னால், எந்த ஊருக்கு என்று சொல்ல வேண்டாமா?

ஒரு வெள்ளைத்தாளில் இப்போது நீங்கள் தடுமாறும் ஒரே ஒரு முடிவை எழுதுங்கள். "இதுவா, அதுவா" என்ற வடிவில் வந்தால் நல்லது. எனக்கு வர நான்கு நாள் ஆனது: வாகனத் துறைத் தரநிலையான ஐஏடிஎஃப் 16949-க்கான உள் தணிக்கையாளர் பயிற்சியைச் சொந்தச் செலவில் இப்போதே முடிப்பதா, இல்லை எங்கள் ஆலையிலேயே வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மேசைக்கு ஓராண்டு மாறிக்கொள்வதா? இரண்டையும் ஒரே ஆண்டில் செய்ய என்னிடம் நேரமும் இல்லை, பணமும் இல்லை.

கேள்வி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை: அதற்கு இணையத்தில் பத்து நிமிடம் தேடினால் பதில் கிடைக்குமா? கிடைத்தால் அதை யாரிடமும் கேட்காதீர்கள். "சப்ளையர் குவாலிட்டிக்கு என்ன தகுதி வேண்டும்" என்பது அப்படிப்பட்ட கேள்வி. வேலை விளம்பரங்களிலேயே பதில் இருக்கிறது.

2. பதவியைப் பார்க்காதீர்கள், பாதையைப் பாருங்கள்

முதல் பதினான்கு பேரில் பெரும்பாலானோர் துணைத் தலைவர், பொது மேலாளர் என்ற பதவிகளில் இருந்தவர்கள். பெரிய ஆள் என்றால் பெரிய பதில் வரும் என்று நினைத்தேன். அவர்களில் பலர் பவுண்டரித் தரையை மிதித்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். சிலர் மிதித்தே இருக்க மாட்டார்கள்.

தேட வேண்டியவர், நீங்கள் இப்போது இருக்கும் இடத்திலிருந்து நீங்கள் போக நினைக்கும் இடத்துக்குத் தாமே போனவர். அப்படிப் போய் ஐந்து முதல் பத்து ஆண்டு ஆனவராக இருந்தால் நல்லது. அதற்குக் குறைவானவர் தாமே இன்னும் காலூன்றிக்கொண்டிருப்பார். அதற்கு மேற்பட்டவர் சொல்லும் வழி இப்போது அடைபட்டிருக்கலாம். லிங்க்டுஇன் பக்கத்தில் பணி அனுபவப் பகுதியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரியில் பவுண்டரி, முதல் வரியில் சப்ளையர் குவாலிட்டி இருந்தால் அவர் உங்கள் ஆள். எனக்கு அப்படி ஒன்பது பேர்தான் கிடைத்தார்கள். ஒன்பது போதும்.

ஒரே கல்லூரியில் படித்தவர் என்றால் பதில் வரும் வாய்ப்பு நிச்சயம் கூடுகிறது. ஆனால் கல்லூரி மட்டுமே ஒற்றுமை என்றால், நலம் விசாரிப்பதைத் தாண்டிப் பேச்சு நகராது.

3. யாருக்கு எழுதவே கூடாது

இந்தப் படியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதன் விலையை நான்தான் கொடுத்தேன்.

எங்கள் ஆலையிலிருந்து வார்ப்பு வாங்கும் ஒரு கம்பெனியின் அதிகாரிக்கு, முதல் சுற்றில் ஆர்வக்கோளாறில் செய்தி அனுப்பிவிட்டேன். "உங்கள் கம்பெனிக்குப் போகும் ஹப்பை நான்தான் பரிசோதிக்கிறேன்" என்று பெருமையாக வேறு எழுதினேன். அவர் எனக்குப் பதில் எழுதவில்லை. அடுத்த மாத ஆய்வுக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையின்போது எங்கள் ஆலைத் தலைவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மாலை என்னை அறைக்கு அழைத்தார்கள். "என்ன தம்பி, கஸ்டமரிடமே வழி கேட்கிறாயாமே?" என்றார் தலைவர். அவரும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அடுத்த நான்கு மாதம் அந்த வாடிக்கையாளர் சம்பந்தப்பட்ட எந்தக் கூட்டத்துக்கும் எனக்கு அழைப்பு வரவில்லை.

ஆகவே, உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர், உங்களுக்குப் பொருள் தரும் சப்ளையர், இந்த இரு தரப்பினரையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். சில வாடிக்கையாளர்கள் தங்கள் சப்ளையர் ஆலையிலிருந்து ஆள் எடுப்பதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருப்பார்கள். அப்படி இருந்தால், அவர் நல்லவராக இருந்தாலும் உங்களிடம் மனம்விட்டுப் பேச முடியாது. நேரடிப் போட்டியாளர் கம்பெனி என்றால் எழுதலாம். ஆனால் வாடிக்கையாளர் பெயர், வரைபடம், கழிவு சதவீதம் எதையும் வாய்தவறியும் சொல்லக் கூடாது.

4. அனுப்புவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

செய்தி போன அடுத்த நொடி அவர் செய்யப்போவது உங்கள் பெயரைத் தட்டி உங்கள் பக்கத்தைப் பார்ப்பது. பெயருக்குக் கீழே இருக்கும் வரியில் உங்கள் வேலையும் பொருளும் தெரிய வேண்டும். "தரப் பொறியாளர், இரும்பு வார்ப்பு, பிரேக் டிரம்" என்பதுபோல. என் பக்கத்தில் "ஆர்வமும் உழைப்பும் மிக்க பொறியாளர்" என்று இருந்தது. அதைப் படித்தால் நான் வார்ப்பு ஆலையில் இருக்கிறேனா, நூற்பாலையில் இருக்கிறேனா என்றுகூடத் தெரியாது.

படத்தைச் சுற்றி வரும் பச்சை வளையத்தை எடுத்துவிடுங்கள். அது வேலை தேடுகிறேன் என்று ஊருக்கே சொல்லும் அறிவிப்பு. அதை வைத்துக்கொண்டு "ஆலோசனை மட்டும் போதும்" என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் மேலாளரும் அதைப் பார்ப்பார்.

தற்குறிப்பு ஒரு பக்கத்தில், பிடிஎஃப் கோப்பாகத் தயாராக இருக்கட்டும். ஆனால் முதல் செய்தியோடு அனுப்பாதீர்கள், அவர் கேட்டால் மட்டும் அனுப்புங்கள். கேட்காதபோது இணைத்தால் அது வேலை விண்ணப்பமாகிவிடுகிறது. சொந்த மின்னஞ்சல் முகவரியையே பயன்படுத்துங்கள். அலுவலக முகவரியிலிருந்து போகும் எதுவும் கம்பெனியின் சர்வரில் கிடக்கும்.

5. செய்தியை எழுதுவது

நான் முதலில் பதினான்கு பேருக்கும் அனுப்பியது இது. ஆங்கிலத்தில் அனுப்பினேன், பொருள் மாறாமல் தமிழில் தருகிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் சாதனைகளைக் கண்டு மிகவும் ஈர்க்கப்பட்டேன். நான் தரப்பிரிவில் அனுபவமுள்ள பொறியாளர். சப்ளையர் குவாலிட்டித் துறையில் வளர விரும்புகிறேன். தங்கள் மேலான வழிகாட்டுதலை வேண்டுகிறேன். தங்கள் நிறுவனத்தில் வாய்ப்பு ஏதேனும் இருந்தாலும் தெரிவிக்கவும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள..."

பள்ளியில் எழுதிய விடுப்பு விண்ணப்பத்தில் காய்ச்சலை எடுத்துவிட்டு வேலையை வைத்ததுபோல் இருக்கிறதல்லவா? சாதனை என்கிறது, எந்தச் சாதனை என்று இல்லை. வழிகாட்டுதல் என்கிறது, எதில் என்று இல்லை. கடைசி வரி வந்தவுடன் முன்னே சொன்ன எல்லாம் பொய்யாகிவிடுகிறது. வேலைதான் கேட்கிறான் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். வேலை கொடுக்க அவரிடம் அப்போது எதுவும் இருக்காது. இல்லை என்று எழுதச் சங்கடப்பட்டு, எதுவும் எழுதாமல் விட்டுவிடுவார்.

இரண்டாம் சுற்றில் ஒரு மேலாளருக்கு அனுப்பியது:

"வணக்கம் மேடம். கோவையில் ஒரு பவுண்டரியில் ஆறு ஆண்டுகளாகத் தரப்பிரிவில் இருக்கிறேன். பிரேக் டிரம், ஹப் வார்ப்புகள் என் பொறுப்பு. நீங்களும் பவுண்டரியில் தொடங்கி சப்ளையர் குவாலிட்டிக்குப் போனவர் என்று உங்கள் பக்கத்தில் பார்த்தேன். நானும் அந்த வழியில் போக நினைக்கிறேன். ஐஏடிஎஃப் உள் தணிக்கையாளர் பயிற்சியைச் சொந்தச் செலவில் இப்போதே முடிப்பதா, எங்கள் ஆலையிலேயே வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் வேலைக்கு ஓராண்டு மாறிக்கொள்வதா என்று தடுமாறுகிறேன். அடுத்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு வசதியான ஒரு நாள் 20 நிமிடம் போனில் பேச முடியுமா? நேரம் இல்லையென்றால், என் இடத்தில் நீங்கள் இருந்தால் எதை முதலில் செய்வீர்கள் என்று ஒரே வரியில் சொன்னாலும் போதும். வேலை கேட்டு எழுதவில்லை."

இதில் நான் அதிகம் மதிப்பது கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை. இருபது நிமிடம் ஒதுக்க முடியாதவர் முன்னால் அதுவரை இருந்த வழிகள் இரண்டே: சம்மதிப்பது, அல்லது பேசாமல் இருப்பது. ஒரு வரி போதும் என்றவுடன் மூன்றாவது வழி கிடைக்கிறது. எனக்கு வந்த நான்கு பதில்களும் அந்த ஒரு வரியாகத்தான் வந்தன. அவற்றில் இரண்டு பின்னர் பேச்சாக நீண்டன.

"உங்கள் பக்கத்தில் பார்த்தேன்" என்ற வாக்கியமும் முக்கியம். ஏன் இவரிடம் கேட்கிறேன் என்பதற்கு அது காரணம் சொல்கிறது. பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்கு அனுப்பக்கூடிய வாக்கியமாக அது இருந்தால் திரும்ப எழுதுங்கள். அப்படி அனுப்பும்போது பழைய பெயரை மாற்ற மறப்பதும் நடக்கும். நான் ஒருவரை இன்னொருவர் பெயரில் விளித்து அனுப்பியிருக்கிறேன்.

"வேலை கேட்டு எழுதவில்லை" என்ற வரி வேண்டுமா என்று என் அறைத்தோழனோடு பெரிய வாக்குவாதமே நடந்தது. நெற்றியில் அடித்தாற்போல இருக்கிறது என்றான் அவன். நான் வைத்துக்கொண்டேன். வைத்தால் அதன்படி நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

விளிக்கும் சொல்லைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. சார், மேடம் என்பதே எங்கள் பக்கத்து ஆலைகளில் இயல்பு; யாரும் தவறாக எடுப்பதில்லை. வெளிநாட்டு கம்பெனிகளின் சென்னை அலுவலகங்களில் பெயர் சொல்லி அழைப்பதே வழக்கம் என்றாலும், அங்கிருப்பவரும் 'சார்' என்பதற்காகப் பதில் எழுதாமல் இருக்கப்போவதில்லை. அண்ணா, அக்கா என்று தொடங்குவது மட்டும் வேண்டாம். அது அவராக இடம் கொடுத்த பிறகு.

இன்னொரு வலை: "ஹாய் சார்" என்று மட்டும் அனுப்பிவிட்டு, அவர் "சொல்லுங்கள்" என்று சொல்லக் காத்திருப்பது. அவர் சொல்ல மாட்டார். முழுவதையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள்.

6. எந்த வழியில் அனுப்புவது, என்ன செலவாகும்

லிங்க்டுஇன்னில் இணைப்பில் இல்லாதவருக்கு நேரடியாக நீண்ட செய்தி அனுப்ப இலவசக் கணக்கில் பெரும்பாலும் முடியாது. இணைப்பு அழைப்போடு ஒரு சிறு குறிப்பு சேர்க்கலாம். நான் அனுப்பியபோது இலவசக் கணக்கில் அதற்கு இடம் 200 குறியீடுகள். அப்படிக் குறிப்போடு அனுப்பும் அழைப்புகளுக்கும் மாத வரம்பு உண்டு. இந்த எண்ணிக்கைகளை அவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் திரையில் காட்டுவதையே நம்புங்கள். தமிழில் எழுதினால் 'கி' என்ற ஓர் எழுத்து இரண்டு குறியீடுகளாக எண்ணப்படும். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஆகவே இரண்டு கட்டமாகச் செய்தேன். அழைப்போடு போன குறிப்பு: "பவுண்டரித் தரப்பிரிவிலிருந்து சப்ளையர் குவாலிட்டிக்குப் போக நினைப்பவன். நீங்கள் போன வழி அது. ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன்." அவர் ஏற்ற அன்றே மேலே தந்த முழுச் செய்தியை அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் நீங்கள் யாரென்றே மறந்திருப்பார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தேடல் பட்டியலிலேயே பெயருக்குப் பக்கத்தில் `Connect` பொத்தான் தெரியும். அதைத் தொட்டால் பல நேரம் குறிப்பு கேட்காமலேயே அழைப்பு போய்விடும். அவருடைய பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து அழைத்து, `Add a note` வந்த பிறகு எழுதுங்கள். தவறிப் போன அழைப்பைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதே நபருக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும்.

பணம் கட்டும் பிரீமியம் கணக்கில் முன்பின் தெரியாதவருக்கு நேரடியாக எழுதும் இன்மெயில் வசதி இருக்கிறது. மாதத்துக்கு எத்தனை என்று கணக்கு உண்டு. 90 நாளுக்குள் பதில் வந்தால் செலவான ஒன்று திரும்பக் கிடைக்கும். ஒன்பது பேருக்கு எழுத இது தேவையே இல்லை. முதல் மாதம் இலவசம் என்று சேர்ந்தால், ரத்து செய்ய வேண்டிய தேதியை அன்றே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். நான் குறிக்கவில்லை. அடுத்த மாதச் சந்தா கார்டிலிருந்து சத்தமில்லாமல் போனது. இந்த முயற்சி முழுவதிலும் எனக்கு ஆன செலவு அது ஒன்றுதான்.

யாரிடமாவது கைபேசி எண்ணை வாங்கி வாட்ஸ்அப்பில் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. எண் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியில்தான் அந்தப் பேச்சு தொடங்கும்.

7. எப்போது அனுப்புவது, எவ்வளவு காத்திருப்பது

ஆலைகளோடு வேலை செய்பவருக்கு மாதத்தின் கடைசி வாரம் நரகம். சரக்கு அனுப்பும் அவசரத்தில் அவர் யார் செய்தியையும் பார்க்க மாட்டார். மார்ச் கடைசி, ஆயுதபூஜை வாரம், தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் ஆகியவையும் அப்படியே. நான் இரண்டாம் சுற்றை மாதத்தின் எட்டாம் தேதிக்கும் பதினெட்டாம் தேதிக்கும் இடையில், செவ்வாய், புதன் மாலைகளில் அனுப்பினேன்.

பத்து நாள் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்: "மேடம், போன வாரம் எழுதியதை மேலே கொண்டுவருகிறேன். ஒரு வரி போதும்." அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். செய்தியைப் படித்துவிட்டார் என்று காட்டினாலும் காரணம் கேட்காதீர்கள். கம்பெனி மாறியிருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

அந்த மேலாளரிடமிருந்து பதினோராம் நாள் இரவு 11.40-க்குப் பதில் வந்தது. "இரண்டாவது. ஏன் என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை 10 மணி, 15 நிமிடம்?"

8. பதில் வந்த பிறகு

அவர் சொன்ன நேரத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். பேரம் பேச வேண்டாம். நான் சனிக்கிழமைகளில் ஷிப்டில் இருப்பேன். அன்று நண்பனோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். ஒரே செய்தியில் நாள், நேரம், உங்கள் எண் மூன்றையும் எழுதி, நீங்கள் அழைப்பதா அவர் அழைப்பாரா என்று கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் இந்திய நேரம் என்று சேர்த்து எழுதுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதை மறந்து, இன்னொருவரை அவருடைய இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அழைத்துவிட்டேன்.

மூன்று கேள்விகள் போதும். ஐந்து எழுதிக்கொண்டு போனேன், இரண்டுக்குத்தான் நேரம் இருந்தது. அறிமுகத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். செய்தியில் எழுதியதை அவர் படித்துவிட்டுத்தான் வருகிறார்.

எனக்கு அவர் சொன்னது இதுதான். பயிற்சிச் சான்றிதழ் விண்ணப்பிக்கும் எல்லோரிடமும் இருக்கிறது. நேர்காணலில் அவர் கேட்பது, நீங்களே எழுதிய ஒரு 8டி அறிக்கையைப் பற்றி. அதாவது வாடிக்கையாளர் புகாருக்குக் காரணம் தேடி எட்டுப் படிகளில் எழுதும் அறிக்கை. கோர் என்பது வார்ப்புக்குள் குழி விழ அச்சில் வைக்கும் மணல் உருவம்; ஊதுதுளை என்பது உருகிய இரும்பில் வாயு சிக்கி விழும் துளை. அவர் சொன்னார்: "வார்ப்பில் ஊதுதுளை வந்தது, கோர் ஈரமாக இருந்ததுதான் காரணம் என்று எல்லோரும் எழுதுவார்கள். வேண்டுமென்றே ஈரமான கோரைப் போட்டு, துளை திரும்ப வருகிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்பேன். பெரும்பாலானோர் பார்த்திருக்க மாட்டார்கள்." புகார் மேசையில் ஓராண்டு உட்கார்ந்தால் அப்படிப்பட்ட அறிக்கை நான்கைந்தாவது கையில் இருக்கும், அதனால்தான் இரண்டாவது என்றார்.

பதினான்காவது நிமிடத்தில் "மேடம், நீங்கள் சொன்ன நேரம் முடிகிறது" என்று நானே சொன்னேன். அவர் இன்னும் பத்து நிமிடம் பேசினார். அவர் நீட்டினால் நீட்டட்டும், நீங்கள் நீட்டாதீர்கள். பேச்சு நன்றாகப் போகிறதே என்று கடைசியில் "உங்கள் டீமில் ஏதாவது..." என்று இழுக்கத் தோன்றும். நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்.

9. அதற்குப் பிறகு

அன்று மாலைக்குள் மூன்று வரி நன்றி எழுதுங்கள். அதில் அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு, அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பரிசுப் பொருள், இனிப்புப் பெட்டி எதுவும் வேண்டாம். சப்ளையர் குவாலிட்டியில் இருப்பவர் ஓர் ஆலை ஊழியரிடமிருந்து பொருள் வாங்குவது அவருக்குத்தான் சிக்கல். தினமும் காலை வணக்கப் படங்கள் அனுப்புவதும் வேண்டாம்.

அடுத்த செய்தி, சொல்வதற்கு ஏதாவது நடந்த பிறகுதான். எனக்கு ஏழு மாதம் ஆனது. புகார் மேசைக்கு மாறி, மூன்றாவது அறிக்கையை முடித்த அன்று எழுதினேன். அறிக்கையை இணைக்கவில்லை, அது கம்பெனியின் சொத்து. எந்த வாடிக்கையாளர், எத்தனை துண்டு என்பதையும் எழுதவில்லை. ஊதுதுளைப் புகார் ஒன்று வந்தது, கோர் ஈரம்தான் என்று முடிவானது, அறிக்கை ஏற்கப்பட்டது என்று மட்டும் எழுதினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "ஈரமான கோரைப் போட்டுப் பார்த்தீர்களா?"

பார்த்திருந்தேன். ஆறு போட்டதில் ஐந்தில் துளை வந்தது. ஆறாவதில் ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி கேட்டிருக்கிறார். நாளை இரவு ஷிப்டில் போய்ப் பார்க்க வேண்டும்.